எலியில் பிறந்த எதிர்ப்பொருள் மனிதருக்கு மருந்தான கதை: 4டி5 முதல் டிராஸ்டுசுமாப் வரை

மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் ஒரு பகுதியில் ஹெர்2 என்ற ஏற்பிப் புரதத்தின் மரபணு வழக்கத்தைவிடப் பல படிகள் பெருகியிருக்கிறது என்பதையும், அத்தகைய கட்டிகள் வேகமாகத் திரும்பி வருகின்றன என்பதையும் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987இல் வெளியிட்டனர். செல்லின் வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்று கிடைத்தால் கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கலாம் என்ற எண்ணத்தில், கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவன ஆய்வாளர்கள் மனித ஹெர்2 புரதத்தை மிகுதியாக உற்பத்தி செய்யுமாறு மாற்றப்பட்ட செல்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றிலிருந்து பல எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் 4டி5 என்று பெயரிடப்பட்டது, ஹெர்2 மிகுந்த புற்றுச் செல்கள் பெருகுவதைத் தெளிவாகத் தடுத்தது. டிராஸ்டுசுமாப் என்ற பெயரில் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துக்கு மூலம் இதுதான். எனினும் நோயாளியின் இரத்த நாளத்தில் ஏறுவது எலி உருவாக்கிய அதே மூலக்கூறு அன்று. அதை ஏன் மாற்ற வேண்டியிருந்தது, முதல் முயற்சியில் அந்த மாற்றம் ஏன் தோற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் 4டி5 போன்ற ஒன்று எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அயல் பொருள் ஒன்று உடலில் நுழைந்தால், அதன் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் பல வகை எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் கலந்தே தோன்றுகின்றன. ஆனால் அவற்றைத் தயாரிக்கும் பி செல் என்ற வெள்ளணு ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகையைத்தான் உற்பத்தி செய்கிறது. அந்த ஒரு செல்லைப் பிரித்து வளர்க்க முடிந்தால் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு பெறலாம். ஆனால் உடலுக்கு வெளியே எடுத்த பி செல் சில நாள்களிலேயே இறந்துவிடும். மைலோமா எனப்படும், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லில் தோன்றிய புற்றுச் செல்லோ வளர்கூடத்தில் முடிவின்றிப் பெருகும். ஆனால் அது சுரக்கும் எதிர்ப்பொருள் எதைப் பற்றும் என்பது பெரும்பாலும் தெரியாது. கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோலரும் செசார் மில்ஸ்டைனும் இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் திறனும் கொண்ட கலப்புச் செல்லை உருவாக்கி, 1975இல் வெளியிட்டனர். அவர்களுடைய நோக்கம் மருந்து தயாரிப்பு அன்று. எதிர்ப்பொருள்களில் இத்தனை வேறுபாடுகள் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராய்வதற்கு, இலக்கு இன்னதென்று தெரிந்த எதிர்ப்பொருளைச் சுரக்கும் நிலையான செல்வழி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. இந்தக் கலப்புச் செல்லே ஹைப்ரிடோமா.

செய்முறையில், எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய இலக்குப் பொருளான ஆன்டிஜென் எலிக்குச் சில வார இடைவெளிகளில் செலுத்தப்படுகிறது. கடைசி ஊசிக்கு மூன்று நான்கு நாள்களுக்குப் பின், பி செல்கள் தீவிரமாகப் பெருகிக்கொண்டிருக்கும் வேளையில், மண்ணீரல் எடுக்கப்பட்டுச் செல்கள் பிரிக்கப்படுகின்றன. இவற்றை மைலோமா செல்களுடன் கலந்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் செல்களின் சவ்வுகள் இணைகின்றன. (முதல் சோதனைகளில் இதற்குச் செயலிழக்கச் செய்த சென்டாய் வைரஸ் பயன்பட்டது.) பாலிஎத்திலீன் கிளைக்கால் செல்களுக்கு நஞ்சு என்பதால், ஓரிரு நிமிடங்களுக்குள் ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதை நீர்க்கச் செய்துவிட வேண்டும். இவ்வளவு செய்தும், மண்ணீரல் செல்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒன்றே நிலைத்து வளரும் ஹைப்ரிடோமாவாகிறது. இணையாத மைலோமா செல்களோ நிறைய எஞ்சியிருக்கும். விட்டுவைத்தால் அவை இரண்டு மூன்று நாள்களிலேயே தட்டு முழுவதையும் நிரப்பிவிடும்.

அவற்றை மட்டும் கொல்லும் முறையே இத்தொழில்நுட்பத்தில் எனக்கு மிகவும் அழகாகத் தோன்றும் பகுதி. செல் டிஎன்ஏவின் அலகுகளை இரு வழிகளில் பெறுகிறது: எளிய மூலப்பொருள்களிலிருந்து புதிதாகக் கட்டுவது ஒன்று, பழைய அலகுகளின் எச்சங்களை மீட்டுப் பயன்படுத்துவது மற்றொன்று. மீட்பு வழிக்கு ஹெச்ஜிபிஆர்டி என்ற நொதி தேவை. ஆய்வாளர்கள் மைலோமா செல்களை முன்கூட்டியே 8-அசாகுவானின் என்ற பொருளில் வளர்த்து வைத்திருப்பார்கள். அந்த நொதி உள்ள செல்கள் இப்பொருளைத் தம் டிஎன்ஏவிலும் ஆர்என்ஏவிலும் சேர்த்துக்கொண்டு இறந்துவிட, நொதி இல்லாதவை மட்டுமே பிழைக்கும். செல்கள் இணைந்த பின், ஹைப்போக்சாந்தின், அமினோப்டெரின், தைமிடின் ஆகிய மூன்றும் கலந்த ஊடகத்தில் அவை வளர்க்கப்படுகின்றன. அமினோப்டெரின் புதிதாகக் கட்டும் வழியை அடைத்துவிடுகிறது. மற்ற இரண்டும் மீட்பு வழிக்கான மூலப்பொருள்கள். நொதியற்ற மைலோமாவுக்கு இரு வழிகளும் அடைபடுவதால் அது இறக்கிறது. இணையாத பி செல்லுக்கு நொதி இருந்தாலும், அதன் இயல்பான ஆயுள் முடிந்து மறைகிறது. பி செல்லிடமிருந்து நொதியையும் மைலோமாவிடமிருந்து முடிவின்றிப் பெருகும் இயல்பையும் பெற்ற ஹைப்ரிடோமா மட்டுமே பத்துப் பதினான்கு நாள்களில் வளர்ப்புத் தட்டின் குழிகளின் அடியில் சிறு கூட்டங்களாகத் தென்படுகிறது.

அக்கூட்டங்களில் பெரும்பாலானவை நமக்கு வேண்டாதவை. ஹெர்2 உள்ள செல்களைப் பற்றி, அது இல்லாத அதே வகைச் செல்களைப் பற்றாத எதிர்ப்பொருள் எந்தக் குழியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். தேறிய குழியின் செல்களை உடனே நீர்க்கச் செய்து, சராசரியாகக் குழிக்கு ஒரு செல்லுக்கும் குறைவாக வரும்படி பரப்பி, ஒரே செல்லிலிருந்து வளர்ந்த வழித்தோன்றலைப் பிரித்தெடுப்பர். இதைத் தள்ளிப்போட முடியாது. இணைந்த செல்லில் இரு செல்களின் குரோமோசோம்களும் இருப்பதால், பெருகும்போது சில கழன்றுவிடுகின்றன. எதிர்ப்பொருள் மரபணு உள்ள குரோமோசோமை இழந்த செல், சுரக்கும் வேலை இல்லாததால் வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடுகிறது. செல்கள் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஊடகத்தில் எதிர்ப்பொருளின் அளவு வாரத்துக்கு வாரம் குறைந்தால், நடந்தது இதுதான் என்று ஊகிக்கலாம்.

இப்படிக் கிடைத்த எலி எதிர்ப்பொருளை அப்படியே மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓகேடி3 விடை தந்தது. சிறுநீரக மாற்று நோயாளிகளின் உடல் புதிய உறுப்பை நிராகரிப்பதைத் தடுக்க, டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பற்றும் இந்த எலி எதிர்ப்பொருள் 1986இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருந்தாக ஏற்கப்பட்ட முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருளும், அதாவது ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் சுரக்கும் எதிர்ப்பொருளும், இதுவே. இரண்டு வாரங்களுக்கு மிகாத குறுகிய சிகிச்சைக்கு அது நன்கு உதவியது. ஆனால் எலியின் புரதம் நம் உடலுக்கு அயல் பொருள் ஆகையால், பல நோயாளிகளின் உடலில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றின. மீண்டும் கொடுக்கும்போது அவை மருந்தை விரைவில் இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். சிலருக்கு ஒவ்வாமையும் ஏற்படலாம். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய புற்றுநோய் மருந்துக்கு இது பெருந்தடை.

வேறு இரு குறைகளும் இருந்தன. மனிதரின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளின் அரை ஆயுள் ஏறத்தாழ 21 நாள். இரத்த நாளங்களின் உட்சுவர்ச் செல்கள் அதை உள்ளிழுத்தாலும், எஃப்சிஆர்என் என்ற ஏற்பி, ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம் கொண்ட அதன் தண்டுப் பகுதியைப் பிடித்து, சிதையாமல் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதே இதற்குக் காரணம். மனித எஃப்சிஆர்என் எலியின் தண்டைச் சரியாகப் பற்றுவதில்லை என்பதால், எலி எதிர்ப்பொருள் ஓரிரு நாள்களிலேயே மறைகிறது. அத்துடன், கட்டியைப் பற்றிய எதிர்ப்பொருளின் தண்டைக் கண்டு வந்து அச்செல்லைக் கொல்ல வேண்டிய நம் வெள்ளணுக்களும் 4டி5இன் எலித் தண்டைப் போதிய அளவு உணர்வதில்லை.

ஹைப்ரிடோமாவை மனித பி செல்லிலிருந்தே தயாரித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஹெர்2 நம் உடலின் சொந்தப் புரதம். அதற்கு எதிராக வினையாற்றும் பி செல்களை நம் உடல் ஒடுக்கிவிடுகிறது. எலிக்கு அது அயல் பொருள். ஆகவே பற்றும் திறனை எலியிடமிருந்து பெற்று, மற்றவற்றை மனிதருடையதாக மாற்றுவதே அன்றைக்கு நடைமுறை வழியாக இருந்தது.

எதிர்ப்பொருளில் 12 சிறு புரதக் கூறுகள் உள்ளன; இலக்கைப் பற்றுவதில் பங்கேற்பவை நுனியில் உள்ள நான்கு மட்டுமே. 1984இல் இந்த நான்கை எலியிடமிருந்தும் எஞ்சிய எட்டை மனிதரிடமிருந்தும் எடுத்து மரபணு அளவில் பொருத்திக் காட்டினர். தண்டு மனிதருடையதாவதால் ஆயுளும் வெள்ளணுக்களை அழைக்கும் திறனும் சரியாகிவிடும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு எலியாகவே எஞ்சும். 1986இல் கிரெகரி வின்டரும் உடன் ஆய்ந்தவர்களும் மேலும் நுணுக்கமாகச் சென்றனர். நுனிக் கூறுகளிலும் இலக்கைத் தொடுபவை பெரும்பாலும் கூறுக்கு மூன்றாக வெளிநீளும் வளையங்களே; அவற்றைத் தாங்கும் சட்டகம் எலியிலும் மனிதரிலும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டது. எனவே வளையங்களை மட்டும் பெயர்த்து, மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது போல மனிதச் சட்டகத்தில் பொருத்தினர்.

4டி5ஐ மனிதமயமாக்க ஜெனென்டெக்கின் பால் கார்ட்டர் குழுவினர் இம்முறையைக் கையாண்டு 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். எலியின் வளையங்களை மட்டும் மனிதச் சட்டகத்தில் பொருத்திய முதல் வடிவம் ஹெர்2வைப் பற்றத்தான் செய்தது. ஆனால் புற்றுச் செல்களின் பெருக்கத்தைத் தடுக்கவில்லை. வளையங்களின் அமினோ அமில வரிசை அப்படியே இருந்தும் செயல் போயிற்று. காரணம் சட்டகத்தில் இருந்தது. உதாரணமாக, எதிர்ப்பொருளின் இரு வகைப் புரதச் சங்கிலிகளுள் பெரியதான கனச் சங்கிலியின் 71ஆம் இடத்தில் மனிதச் சட்டகத்தில் ஆர்ஜினின் என்ற பெரிய அமினோ அமிலம் உள்ளது. எலியிலோ அங்கே அலனின் என்ற சிறியது. இந்த இடம் இரண்டாம் வளையத்தின் அடியில் அமைந்திருக்கிறது. கீழே பெரிய மூலக்கூறு முட்டிக்கொண்டிருந்தால் மேலே வளையம் வளையும் விதமே மாறிவிடும். கணினி மாதிரியின் உதவியால் இப்படிப்பட்ட இடங்களை அடையாளம் கண்டு, அவற்றில் மட்டும் எலியின் அமினோ அமிலத்தைத் திரும்பச் சேர்த்து, வெவ்வேறு சேர்க்கைகளில் மேலும் ஏழு வடிவங்களை உருவாக்கினர். அவற்றுள் எட்டாம் எண்ணுடையது முதல் வடிவத்தைவிட 250 மடங்கும், எலியின் மூல எதிர்ப்பொருளைவிட 3 மடங்கும் இறுக்கமாக ஹெர்2வைப் பற்றியது. செல் பெருக்கத்தை எலி வடிவத்துக்கு இணையாகத் தடுத்ததோடு, மனித வெள்ளணுக்களைக் கொண்டு புற்றுச் செல்லைக் கொல்வதில் அதைவிடப் பெரிதும் திறம்பட்டிருந்தது. ஹெர்2 குறைவாக உள்ள சாதாரண நுரையீரல் செல்களை அது அவ்வளவாகக் கொல்லவில்லை என்பதையும் சோதித்துப் பார்த்தனர். மனிதமயமாக்கல் என்றால் எலியின் பகுதியை இயன்றவரை வெட்டியெறிவது என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. எதை விட்டுவைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே அதன் கடினமான பாதி.

டிராஸ்டுசுமாப் இந்த எட்டாம் வடிவமே. ஹைப்ரிடோமாவுக்கு இதற்குப் பிறகு வேலையில்லை. அது தந்த வரிசையைத் திருத்தி எழுதிய மரபணு, சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் புகுத்தப்பட்டு, பெருங்கலன்களில் மருந்து உற்பத்தியாகிறது. மருந்தைப் பெற்ற, நோய் பரவிய நிலையில் இருந்த 903 பெண்களைச் சோதித்தபோது, ஒருவரிடம் மட்டுமே அதற்கு எதிரான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. எல்லா மருந்துகளுக்கும் இத்தகைய முடிவு கிடைப்பதில்லை. முழுவதும் மனித வரிசையால் ஆன அடாலிமுமாப் மருந்துக்கு எதிராகவும் சில நோயாளிகளிடம் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. இலக்கைப் பற்றும் வளையங்களின் வரிசை ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் தனித்துவமானது. ஆகவே சட்டகமும் தண்டும் எவ்வளவு மனிதத் தன்மை பெற்றாலும், அந்த வளையங்கள் நோயாளியின் உடலுக்குப் புதியவையாகத் தெரிய வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது.