அக்கவுன்ட் பேஸ்டு அவுட்ரீச்: இதில் ‘கணக்கு’ எங்கே வந்தது?

‘கணக்கு அடிப்படையிலான பரப்புரை’ என்று மறுபடியும் ஒரு கட்டுரையில் பார்த்தேன். விற்பவர் சில நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணுகும் அக்கவுன்ட் பேஸ்டு அவுட்ரீச் என்ற விற்பனை முறைக்குத் தமிழாம். படிக்கிறவர் ஆடிட்டர் வேலை என்று நினைப்பார், இல்லாவிட்டால் தேர்தல் வேலை என்று நினைப்பார்.

எண்ணிக் கணக்கிடுவதைக் குறிக்கும் லத்தீன் வேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘அக்கவுன்ட்’ ஆனது. வணிகரின் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் இருக்கும், போகப்போக அந்தப் பக்கத்தின் பெயரே வாடிக்கையாளருக்கும் பெயராகிவிட்டது. நம் மளிகைக் கடையிலும் ‘அவருக்கு இங்கே கணக்கு இருக்கு’ என்கிறோமே, அப்புறம் ‘கணக்கு’ என்பதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். கடையில் கணக்கு வைத்திருப்பவர் ஏற்கெனவே வாங்குகிறவர். இங்கே பேச்சு பெரும்பாலும் இன்னும் ஒரு ரூபாய்க்குக்கூட வாங்காத நிறுவனத்தைப் பற்றியது.

‘பரப்புரை’ அதைவிட மோசம், ஏனென்றால் இந்த வேலையில் பரப்புவதே கிடையாது. தொழிற்சாலைகளுக்கு வரும் பில்களைச் சரிபார்க்கும் மென்பொருளை ஒரு நிறுவனம் விற்கிறது என்று வையுங்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடாமல், கார் உதிரிபாகம் செய்யும் ஐந்து பெரிய நிறுவனங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றின் ஆண்டறிக்கையையும் படிக்கிறார்கள். ஒன்று புது ஆலை திறக்கிறது என்று தெரிந்தால், மாதக் கடைசியில் பில் தேங்குவதைப் பற்றி அதன் நிதித் தலைவருக்கு மெயில் போகும். இப்போதுள்ள மென்பொருளோடு இது எப்படி இணையும் என்று கணினிப் பிரிவுத் தலைவருக்கு லிங்க்டினில் நாலு வரி போகும். இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசித்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இத்தனை உழைப்பும் பெரிய ஒப்பந்தத்துக்குத்தான் கட்டும், மாதம் சில நூறு ரூபாய் சந்தாவுக்குக் கட்டாது.

பலர் செய்வது பழைய மெயிலில் பெயரை மட்டும் மாற்றுவது. நிறுவனத்தின் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள், அதே கடிதம் பக்கத்து நிறுவனத்துக்கும் பொருந்தினால் அது இந்த வகையே இல்லை.

ஆகவே நான் ‘நிறுவனவாரி அணுகல்’ என்று எழுதுகிறேன். மாவட்டவாரி, வார்டுவாரி எல்லாம் நாளிதழில் தினமும் வருவதால் ஒவ்வொன்றாக, தனித்தனியாக என்ற பொருள் உடனே பிடிபடும். ‘வாரி’ உருது வழி வந்தது, ‘நிறுவனந்தோறும்’ என்று போடு என்கிறார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். ‘தோறும்’ போட்டால் எல்லா நிறுவனத்துக்கும் என்று ஆகிவிடும், பொறுக்கி எடுத்த ஐந்து என்பது போய்விடும். தூய்மைக்காகப் பொருளை விட முடியாது.

இதே கட்டுரைகளில் ‘தனிப்பயனாக்கப்பட்ட செய்திகள்’ என்றும் வரும். ஆளறிந்து எழுதிய கடிதம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?