ஒன்பதாம் மாதத்தில் 7.2 கிலோ

பெங்களூரில் என் கிளினிக்குக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பல, குழந்தையின் முதல் மூன்று நான்கு மாதங்களை ஊரில் கழித்தவை. சேலத்திலோ வேலூரிலோ தாய்வீட்டில் பிரசவம், முதல் தடுப்பூசிகள் அங்கே. அம்மாவின் விடுப்பு முடிந்ததும் பாட்டியோடு இங்கே வருவார்கள். எடை எழுதிய அட்டை மட்டும் ஊரிலேயே தங்கிவிடும்.

அப்படித்தான் ஒரு பெண் குழந்தையை ஒன்பதாம் மாத ஊசிக்குக் கூட்டி வந்தார்கள். எடை 7.2 கிலோ. சுறுசுறுப்பாகத் தவழ்கிறாள், சிரிக்கிறாள். அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் அந்த எடை பச்சைப் பட்டைக்குள்தான் விழும். அதை மட்டும் பார்த்தால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம்.

பழைய எடைகளைக் கேட்டேன். தாத்தா ஊரிலிருந்து அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிறந்தபோது 3.1 கிலோ, மூன்று மாதத்தில் 5.8, ஆறு மாதத்தில் 7.1. மூன்றையும் வரைபடத்தில் குறித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நடுக்கோட்டை ஒட்டியே வந்திருக்கிறாள். அதன் பிறகு மூன்று மாதத்தில் கூடியது 100 கிராம். இந்த வயதில் பெண் குழந்தைகளுக்கு மாதம் சுமார் 300 கிராம் கூடும். பிறந்ததிலிருந்தே சிறிய உடம்பாக, கீழ்க்கோடு ஒன்றை ஒட்டியே சீராக வளரும் குழந்தையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. நடுக்கோட்டில் இருந்த குழந்தை கீழே இறங்கினால்தான் காரணம் தேட வேண்டும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது தராசை. வேறு தராசு, சட்டை, நனைந்த டயப்பர் எல்லாம் சேர்ந்தால் கால் கிலோ வரை வித்தியாசம் காட்டிவிடும். டயப்பரைக் கழற்றி மறுபடியும் நிறுத்தோம். அதே 7.2.

அப்புறம் சாப்பாடு. நல்லவேளையாகப் பாட்டியும் வந்திருந்தார். பகல் முழுக்க ஊட்டுவது அவர்தான். அம்மா சொன்னது, "மூணு வேளை ராகி கொடுக்கிறோம்." பாட்டி சொன்னது, "தொண்டையில் சிக்கிக்கும்னு தண்ணியா கரைச்சு பாட்டில்ல கொடுக்கிறேன், டாக்டரம்மா." அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை கிடைத்தது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், எடையைக் கூட்டாது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, அதாவது ரத்தசோகை. சிறுநீரில் கிருமித் தொற்று இல்லை. ஸ்பூனைச் சாய்த்தாலும் வழியாத கெட்டியில் கூழ், ஒரு ஸ்பூன் நெய், மசித்த பருப்பு, முட்டை, இடையிடையே தாய்ப்பால், கூடவே இரும்புச்சத்து சொட்டு மருந்து. நான்கு வாரம் கழித்து அதே தராசில் 7.6 கிலோ.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். குழந்தை மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.சி.எச். படித்திருக்க வேண்டும், அது அடிப்படை. அதற்கு மேல், ஊசி போட வரும் நாளிலும் உடையைக் கழற்றி எடை பார்க்கிறார்களா? எடையை எழுதுவதோடு நிறுத்தாமல் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறாரா? ஊட்டுகிறவரிடம் நேரடியாகப் பேசுகிறாரா? பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும், மருத்துவர் கன்னடமும் ஆங்கிலமும் பேசுவார் என்றால், மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுமையாவது அங்கே இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் பிரபல மருத்துவரைவிட, பக்கத்தில் இருக்கும் நிதானமான மருத்துவர் மேல்.

ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி போதும். போன தடவையிலிருந்து எவ்வளவு கூடியிருக்கிறது, அது போதுமா? அடுத்த எடை எப்போது? எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும்?

பதிவுக்கு ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, வயது, எடை, நீளம், தலைச் சுற்றளவு, எந்த கிளினிக் தராசு என்று ஒரு வரி. தடுப்பூசிக்கு அதன் ஸ்டிக்கரையே ஒட்டச் சொல்லுங்கள். ஊரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் போட்ட ஊசியையே இங்கே இரண்டாம் முறை போட நேரும். காய்ச்சல் மருந்து எழுதும்போது மில்லி மட்டும் எழுதாதீர்கள், பாட்டிலில் அச்சிட்ட வீரியத்தையும் எழுதுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் குழந்தைக்குள் போவது 500 மில்லிகிராம். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பாட்டியின் போனிலும் கிரஷ்ஷிலும் கொடுத்து வையுங்கள். எடை மாறும்போது மருந்தின் அளவும் மாறும், பழைய படத்தை அழித்துவிடுங்கள்.