20, 30, 50: ஸ்பெயின் பள்ளியில் ஜூன் மாதம் எத்தனை மார்க் வேண்டும்?

ஸ்பெயினில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. இடையில் மூன்று மதிப்பீடுகள் உண்டு. அங்கே அவற்றுக்குப் பெயர் 'எவாலுவாசியோன்'. முதலாவது கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் முடியும், இரண்டாவது பெரும்பாலும் ஈஸ்டரை ஒட்டி, மூன்றாவது ஜூனில். ஒவ்வொன்றின் முடிவிலும் 'போலெதின்' எனப்படும் மார்க் அறிக்கை வீட்டுக்கு வரும். மேல்நிலைப் படிப்பான 'பச்சியெராதோ'வில் மார்க் பத்துக்குத்தான். பாஸ் ஆக 5 வேண்டும்.

இந்த மூன்றையும் சேர்த்து ஆண்டு மார்க்கை எப்படிப் போடுவது? இங்கேதான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். கூட்டி மூன்றால் வகுத்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் பல பள்ளிகளில், குறிப்பாகக் கணக்குப் பாடத்தில், முதல் பருவத்துக்கு 20 சதவீதம், இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 50 என்று எடை போடுகிறார்கள். முதல் பருவத்தில் படித்தது புரியாமல் மூன்றாம் பருவத்தைத் தாண்ட முடியாது, எனவே கடைசியில் எடுக்கும் மார்க்தான் பிள்ளையின் உண்மையான நிலையைக் காட்டும் என்பது ஆசிரியர்களின் வாதம். கணக்குக்கு அது பொருந்துகிறது. வரலாறு மாதிரி ஒவ்வொரு பருவமும் தனித்தனிப் போர்ஷனாகப் போகும் பாடத்துக்குப் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தச் சதவீதத்தை நாட்டின் சட்டம் சொல்லவில்லை. பச்சியெராதோவுக்கான 2022ஆம் ஆண்டின் 243ஆம் எண் அரசாணை, மதிப்பீடு ஆண்டு முழுவதும் தொடர்ந்து நடக்க வேண்டும், பாடவாரியாகத் தனித்தனியே நடக்க வேண்டும் என்கிறது. மார்க் தசமம் இல்லாத முழு எண்ணாக இருக்க வேண்டும் என்பதும் விதி. எந்தப் பருவத்துக்கு எத்தனை எடை என்பது பள்ளியின் பாடத் துறை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிவைக்கும் திட்ட ஆவணத்தில் இருக்கும். அதன் பெயர் 'ப்ரோக்ராமாசியோன் திதாக்திகா'. கணக்குக்கு 20-30-50 போடும் அதே பள்ளியில் ஆங்கிலத்துக்கு வேறு கணக்கு இருக்கலாம். அந்த ஆவணத்தைப் பார்க்காமல் எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

20-30-50 என்றே வைத்துக்கொள்வோம். முதல் பருவ மார்க்கின் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் பத்தில் மூன்று பங்கு, மூன்றாவதில் பாதி, இவற்றைக் கூட்டினால் ஆண்டு மார்க். இதைத் திருப்பிப் போட்டால் கடைசிப் பருவத்தில் எவ்வளவு வேண்டும் என்பது வரும். மூன்றாவதன் எடை சரிபாதி என்பதால் கணக்கு சுலபம். இலக்கை இரண்டால் பெருக்குங்கள். அதிலிருந்து முதல் மார்க்கில் 0.4 பங்கையும் இரண்டாவது மார்க்கில் 0.6 பங்கையும் கழியுங்கள். விரிதாளில் B2 முதல் பருவம், C2 இரண்டாம் பருவம், D2 இலக்கு என்றால் இப்படி எழுதலாம்:

```
=2*D2-0,4*B2-0,6*C2
```

புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். ஸ்பானிய அமைப்பில் இருக்கும் கணினியில் தசமத்துக்குக் காற்புள்ளிதான் போடவேண்டும், புள்ளி வைத்தால் கணக்கு ஓடாது. நம் ஊர் அமைப்பில் இருந்தால் 0.4, 0.6 என்றே எழுதுங்கள்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பச்சியெராதோ முதல் ஆண்டு, கணக்குப் பாடம். முதல் பருவம் 3.2, இரண்டாம் பருவம் 4.4. ஆண்டு இலக்கு 5. இலக்கை இரட்டித்தால் 10. அதில் 1.28 போகும், 2.64 போகும், மீதி 6.08. அதாவது ஜூனில் அவள் 6.08 எடுத்தால் ஆண்டு மார்க் சரியாக 5. மூன்றையும் சமமாக வைத்துச் சராசரி போடும் பள்ளியாக இருந்திருந்தால் 7.4 தேவைப்பட்டிருக்கும். ஏறுமுகத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த எடை முறை சாதகம். டிசம்பரில் 8 எடுத்துவிட்டுப் பிறகு சரியும் பிள்ளைக்கு இதுவே பாதகம்.

ஆனால் அவளுடைய போலெதினில் 3.2, 4.4 என்று இருக்காது. முழு எண் மட்டும் என்பதால் 3, 4 என்றுதான் அச்சாகியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் 6.4 என்று வரும். எந்த எண்ணை ஆசிரியர் எடுக்கப்போகிறார் என்பது முதல் கேள்வி. பல ஆசிரியர்கள் தங்கள் குறிப்பேட்டில் தசமத்தோடு வைத்திருப்பதையே எடுப்பார்கள், அதுதான் நியாயமும்கூட. சிலர் அச்சான எண்ணையே எடுப்பார்கள். இந்த மாணவிக்கு வித்தியாசம் மார்க்கில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், விளிம்பில் நிற்பவளுக்கு அது ஒரு முழுக் கேள்வி.

அடுத்தது ரவுண்ட் ஆஃப். இது இன்னும் பெரியது. ஆண்டு மார்க் 4.5 வந்தால் 5 என்று தூக்கிவிடும் துறைகள் உண்டு. முழுசாக 5 தொட்டால்தான் பாஸ், 4.9 என்றாலும் 4 தான் என்பவர்களும் உண்டு. முதல் வகையில் அவளுடைய உண்மையான இலக்கு 4.5, தேவை 5.08. இரண்டாம் வகையில் 6.08. மூன்றாம் பருவம் பாதி எடை என்பதால், ஆண்டு மார்க்கில் அரை மார்க் அசைந்தால் ஜூன் தேர்வில் ஒரு முழு மார்க் அசையும். இதையும் ஆவணத்தில் எழுதியிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, குறைந்தபட்ச நிபந்தனை. வெறும் கணக்குப்படி பார்த்தால், முதல் இரண்டு பருவத்திலும் பூஜ்யம் வாங்கியவர் கடைசியில் 10 எடுத்தால் ஆண்டு மார்க் 5, பாஸ். முதல் இரண்டிலும் 10 எடுத்தவர் கடைசியில் வெள்ளைத் தாளைக் கொடுத்தாலும் 5, அவரும் பாஸ். இந்தக் கூத்தைத் தடுக்கத்தான் பல துறைகள் 'எந்தப் பருவத்திலும் 4க்குக் கீழே இருந்தால் சராசரி போடமாட்டோம்' என்பதுபோல ஒரு வரி சேர்த்து வைத்திருப்பார்கள். 3 என்றும் இருக்கும், 3.5 என்றும் இருக்கும்.

அப்படி 4 என்று இருந்தால் நம் மாணவியின் 6.08க்கு அர்த்தமே இல்லை. ஜூனில் 7 எடுத்தாலும் முதல் பருவத்தின் 3.2 அவளைப் பிடித்து இழுக்கும். அவள் முதலில் செய்ய வேண்டியது 'ரெக்குப்பெராசியோன்', அதாவது விழுந்த பருவத்துக்கான மறுதேர்வு. அதில் 5 எடுத்தால் 3.2 போய் 5 வரும், ஜூன் தேவை 5.36 ஆகக் குறையும். மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் 5க்கு மேல் போடாத பள்ளிகளும் உண்டு. நிபந்தனை இல்லாத பள்ளியில் எந்தப் பருவத்தின் மறுதேர்வுக்கு நேரம் ஒதுக்குவது என்று கேட்டால், முதல் பருவத்தில் ஏறும் ஒவ்வொரு மார்க்கும் ஜூன் தேவையை 0.4 குறைக்கும், இரண்டாம் பருவத்தில் ஏறும் ஒவ்வொன்றும் 0.6 குறைக்கும். எதில் எத்தனை மார்க் ஏற முடியும் என்று பார்த்து முடிவு செய்யலாம்.

இன்னொரு குழப்பம் ஜூன் போலெதினிலேயே இருக்கிறது. அதில் மூன்றாம் மதிப்பீட்டுக்கு ஒரு கட்டமும் ஆண்டு முடிவுக்கு ஒரு கட்டமும் தனியாக இருக்கும். சில ஆசிரியர்கள் மூன்றாம் மதிப்பீட்டுக் கட்டத்திலேயே முந்தைய பருவங்களையும் சேர்த்து வந்த எண்ணைப் போட்டுவிடுவார்கள். அது தெரியாமல் அந்த எண்ணை மறுபடி 50 சதவீதத்தால் பெருக்கினால் பழைய பருவங்கள் இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். இரண்டு கட்டத்திலும் ஒரே எண் எல்லாப் பாடத்திலும் இருந்தால் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பாஸ் ஆவது மட்டும் பிரச்சினை இல்லாத வீடுகளும் உண்டு. ஸ்பெயினில் பல்கலைக்கழக நுழைவு மார்க்கில் பச்சியெராதோ இரண்டு ஆண்டுச் சராசரிக்கு 60 சதவீதம், நுழைவுத் தேர்வுக்கு 40 சதவீதம். எனவே 8க்கும் 9க்கும் உள்ள தூரம் மருத்துவம் கேட்பவருக்குப் பெரிய தூரம். முதல் பருவம் 7.5, இரண்டாவது 8, ஆண்டு இலக்கு 9 என்று வையுங்கள். 18இலிருந்து 3 போய், 4.8 போனால் 10.2 வருகிறது. பத்துக்கு மேல் யாரும் எடுக்க முடியாது. கடைசியில் முழு 10 எடுத்தாலும் ஆண்டு மார்க் 8.9தான். ரவுண்ட் ஆஃப் செய்யும் துறை என்றால் 8.5 தொட்டாலே 9 என்று அச்சாகும், அதற்கு 9.2 போதும். கடினம், ஆனால் நடக்கக்கூடியது. பத்துக்கு மேல் விடை வந்தால் இலக்கு கைமீறிவிட்டது, பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச நிபந்தனை மட்டும் அப்போதும் நிற்கும்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நுழைவுத் தேர்வு ஜூன் தொடக்கத்தில் வருவதால் அந்த வகுப்புக்கு மே மாதமே பாடம் முடிந்துவிடும். ஆக, பாதி எடை உள்ள பருவம்தான் இருப்பதிலேயே குறுகியது. ஈஸ்டர் முடிந்து பிள்ளை புத்தகத்தைத் திறப்பதற்குள் தேர்வு வந்து நிற்கும். மார்ச்சிலேயே தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

அப்படியும் 5 வரவில்லை என்றால், பச்சியெராதோவில் அசாதாரணத் தேர்வு என்று இன்னொரு வாய்ப்பு உண்டு. முதல் ஆண்டில் இரண்டு பாடம் வரை விழுந்திருந்தாலும் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம், அந்தப் பாடங்களை அங்கே எழுதி முடிக்க வேண்டும்.

மார்க் தப்பாகக் கணக்கிடப்பட்டது என்று தோன்றினால் 'ரெக்லமாசியோன்' கொடுக்கும் உரிமை இருக்கிறது. விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம், எழுத்துமூலம் பள்ளியில் முறையிடலாம், அங்கே ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பகுதியின் கல்வித் துறைக்கு மேல்முறையீடு போகும். கால அவகாசம் மிகக் குறைவு. பல பகுதிகளில் மார்க் வெளியான பிறகு இரண்டு வேலைநாள்தான். மனுவில் 'பிள்ளை நன்றாகப் படித்தாள்' என்று எழுதினால் எடுபடாது. ஆவணத்தில் இருக்கும் எடை இது, பருவ மார்க்குகள் இவை, வரவேண்டியது இத்தனை, போட்டிருப்பது இத்தனை என்று நான்கு வரியில் எழுதுங்கள். ஆவணத்தில் உள்ள அளவுகோலைத் தவறாகப் பயன்படுத்தியது முறையீட்டுக்கு நேரடியான காரணம். அந்த ஆவணத்தின் நகல் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும், ஜூன் கடைசி வாரத்தில் பள்ளி அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கஷ்டம்.