மூலைவிட்டத்தில் தெரியும் இரட்டைத் திமில்

அண்டார்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் அளந்த 344 பென்குவின்களின் தரவு, பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான சீபார்னுடன் பழக எளிதாகக் கிடைக்கிறது. அலகின் நீளம், அலகின் உயரம், துடுப்பின் நீளம், உடல் எடை என நான்கு அளவுகள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடிகள். ஆறையும் ஒரே படத்தில் பார்க்க இது போதும்:

```python
import seaborn as sns
df = sns.load_dataset("penguins")
sns.pairplot(df)
```

நான்குக்கு நான்காக 16 கட்டங்கள் வரும். ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அறிய, நேர் கீழே போய் கிடையச்சின் பெயரையும், நேர் இடப்பக்கம் போய் நிலையச்சின் பெயரையும் பாருங்கள். மூலைவிட்டத்துக்கு மேலே இருப்பவை கீழே இருப்பவையேதான், அச்சுகள் மட்டும் இடம் மாறியிருக்கும். அதனால் கீழ்ப்பாதியைப் படித்தால் போதும். `corner=True` கொடுத்தால் மேல்பாதி வரவே வராது.

பலரும் நேராகப் புள்ளிக்கூட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மூலைவிட்டத்தைத்தான். அங்கே ஒவ்வொரு அளவும் தனியாக எப்படிப் பரவியிருக்கிறது என்று பட்டைகள் காட்டும். இடது மேல்மூலைப் பட்டைகளுக்குப் பக்கத்தில் தெரியும் எண்களைப் பறவைகளின் எண்ணிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். அவை அந்த வரிசையின் மற்றக் கட்டங்களுக்கான மி.மீ. அளவுகள்.

துடுப்பு நீளத்தின் பட்டைகளைப் பாருங்கள். 190 மி.மீ. பக்கம் ஒரு திமில், 215 பக்கம் இன்னொன்று. ஒரே வகைப் பறவைகளாக இருந்தால் இப்படிப் பிரிந்து நிற்பது அரிது. உள்ளே வேறு வேறு குழுக்கள் கலந்திருக்கின்றன என்ற சந்தேகம் இங்கேயே வந்துவிட வேண்டும்.

சரி, இப்போது இரண்டாம் வரிசை, முதல் கட்டம். கிடையச்சில் அலகின் நீளம், நிலையச்சில் அலகின் உயரம். புள்ளிகள் லேசாக வலப்பக்கம் இறங்குகின்றன. இரண்டு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய −0.24. அலகு நீள நீள அதன் உயரம் குறைகிறது என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் இனவாரியாக நிறம் கொடுத்துப் பாருங்கள்:

```python
sns.pairplot(df, hue="species", corner=True)
```

அதே புள்ளிகள் மூன்று கூட்டங்களாகப் பிரிகின்றன. அடேலி இடது மேலே, சின்ஸ்ட்ராப் வலது மேலே, ஜென்டூ வலது கீழே. ஒவ்வொரு கூட்டமும் வலப்பக்கம் ஏறுகிறது! கெழுக்கள் அடேலிக்கு 0.39, மற்ற இரண்டுக்கும் 0.65 பக்கம். ஜென்டூவின் அலகு நீளமானது, ஆனால் உயரம் குறைந்தது. அந்தக் கூட்டம் தாழ்ந்து நிற்பதுதான் மொத்தச் சாய்வையும் கீழே இழுத்திருக்கிறது. புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். மூலைவிட்டமும் இப்போது பட்டைகளிலிருந்து வளைகோடுகளாக மாறியிருக்கும். துடுப்பின் வலப்பக்கத் திமில் ஜென்டூவுடையது.

`species` என்ற பத்தி தரவில் இருந்ததால்தான் இதைப் பிரிக்க முடிந்தது. குழுவைக் குறிக்கும் பத்தியே இல்லாத தரவில் நிறம் கொடுக்க வழியில்லை. அப்போது கையில் இருக்கும் தடயம் அந்த இரட்டைத் திமில்தான்.