சக்கர நாற்காலிக்கு அளவு எடுப்பது எப்படி?

மருத்துவமனை வராந்தாக்களில் நாம் பார்க்கும் மடக்கு வீல்சேரின் இருக்கை பெரும்பாலும் 18 இஞ்ச் அகலம் இருக்கும், அதாவது சுமார் 46 சென்டிமீட்டர். யார் வந்தாலும் உட்காரவைத்து ஸ்கேன் அறைவரை தள்ளிக்கொண்டு போக அது சரியான அளவுதான். அதே நாற்காலியில் ஒருவர் தினமும் எட்டு பத்து மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் அளவு அவருடைய உடம்பிலிருந்து வர வேண்டும். அதற்கு முக்கியமாக மூன்று அளவுகள் போதும். மூன்றையும் இஞ்ச் டேப்பை வைத்து வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் எப்படி உட்காரவைத்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அவரை மெத்தையிலிருந்து எழுப்பி, பெஞ்சு போன்ற கெட்டியான சமதளத்தில் உட்காரவைக்க வேண்டும். மெத்தையில் உடம்பு புதையும், அளவு பொய் சொல்லும். பாதங்கள் தொங்கக் கூடாது. தரை எட்டவில்லை என்றால் பலகையோ கட்டுப் புத்தகமோ அடியில் வைத்து, முழங்கால் செங்கோணத்தில் மடங்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தில் அடிபட்டவர் பலரால் தானாக நிமிர்ந்து உட்கார முடியாது, அப்படியானால் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். துணி மெல்லியதாக இருக்கட்டும். புடவைக் கொசுவம் இடுப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கூட்டிவிடும்.

அகலம் என்பது இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம். தையல்காரர் டேப்பை உடம்பின் வளைவோடு ஓட்டி அளந்தால் கூடுதலாகத்தான் வரும். பிள்ளைகளின் பரீட்சை அட்டை இரண்டை எடுத்து, இரு பக்கமும் இடுப்பை லேசாகத் தொடும்படி செங்குத்தாகப் பிடித்து, அட்டைக்கும் அட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சரியான எண் கிடைக்கும். தொடை இடுப்பைவிட அகலமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கை அகலம் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இரு கால்களும் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பு 34 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 46 செ.மீ. இருக்கையில் அவருக்கு இரு பக்கமும் ஆறாறு சென்டிமீட்டர் சும்மா கிடக்கும். உடம்பு நடுவில் நிற்காமல் ஏதாவது ஒரு கைப்பிடியில் சாயும். இடுப்பு எலும்பு ஒரு பக்கமாக இறங்கி, முதுகெலும்பு வளைய ஆரம்பிக்கும். சக்கரங்களும் அகன்று நிற்பதால் கையை வெளியே விரித்துத் தள்ள வேண்டியிருக்கும், தோள் சீக்கிரம் வலிக்கும். இதோடு வாசல் பிரச்சினை வேறு. அந்த நாற்காலி வெளிச்சக்கரத்தோடு சேர்த்து 60 செ.மீ.யைத் தாண்டிவிடும். நம் பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டடிதான். இருக்கை 10 செ.மீ. குறைந்தால் அந்தப் பெண் அதே கதவு வழியாகத் தானே உள்ளே போய்விடலாம்.

அகலத்தையாவது கடைக்காரர் கேட்பார். ஆழத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதிகம் கெடுப்பது அதுதான் என்பது என் எண்ணம். ஆழம் என்பது முதுகுப் பக்கத்திலிருந்து இருக்கையின் முன் விளிம்புவரை உள்ள நீளம். இடுப்புக்குப் பின்னால் ஓர் அட்டையை நிமிர்த்திப் பிடித்து, அதிலிருந்து முழங்காலின் பின்மடிப்புவரை நேராக அளக்க வேண்டும். இரு கால்களையும் தனித்தனியாக அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 3 முதல் 6 செ.மீ. வரை கழிக்க வேண்டும். நம் உதாரணப் பெண்ணுக்கு வலது 44, இடது 43. நான்கைக் கழித்தால் ஆழம் 39.

ஏன் கழிக்கிறோம்? முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. 42 செ.மீ. ஆழமுள்ள இருக்கையில் இந்தப் பெண் உட்கார்ந்தால் விளிம்பு அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு அழுத்தும். அதைத் தவிர்க்க உடம்பு முன்னால் சறுக்கும். அப்போது இடுப்பு எலும்பு பின்னோக்கிச் சாய்ந்து, எடை வால் எலும்பின் மேல் போகும். அங்கே சதை குறைவு, எலும்பும் தோலும்தான். உணர்ச்சி இல்லாதவருக்கு வலி தெரியாது, அதனால் புண் வந்த பிறகுதான் கண்ணில் படும். ஆழம் குறைந்து போனாலும் நல்லதல்ல, தொடை தாங்க வேண்டிய எடையும் பிட்டத்தின் அடியில் இரு பக்கமும் உள்ள உட்காரும் எலும்புகளின் மேலேயே விழும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கூன் போட்டுச் சறுக்கி உட்கார்ந்திருக்கும்போதே அளந்தால், முழங்கால் முன்னால் தள்ளி நிற்பதால் ஆழம் கூடுதலாக வரும். அந்த அளவில் நாற்காலி வாங்கினால் அது அவரை அதே கூனில் பிடித்து வைக்கும். ஆகவே இடுப்பை நிமிர்த்திய பிறகே டேப்பைத் தொட வேண்டும். இடுப்பு இறுகிப் போய் நிமிரவே மறுத்தாலோ, தொடை செங்கோணம்வரை மடங்காவிட்டாலோ இந்த எளிய அளவுகள் போதாது. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் பார்த்துத்தான் இருக்கையை அமைக்க வேண்டும்.

மூன்றாவது உயரம். வீட்டில் எப்போதும் போடும் செருப்போடு, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகாலின் அடிவரை அளக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 38. உட்கார்ந்து அமுங்கிய குஷனின் மேல்பக்கத்திலிருந்து கால் வைக்கும் பலகைவரை இந்த அளவுதான் இருக்க வேண்டும். பலகை மேடுபள்ளத்தில் இடிக்காமலிருக்கத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரம் வேண்டும். ஆக அமுங்கிய குஷனின் மேல்பக்கம் தரையிலிருந்து 43. குஷன் அமுங்கி 4 செ.மீ. நிற்கிறது என்றால், அதன் அடியிலுள்ள இருக்கைத் துணி 39-இல் இருந்தாலே போதும். சாதாரண மடக்கு நாற்காலியில் அது 50-ஐ ஒட்டி இருக்கும். பலகையை மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்றாலும், ஆள் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்துக்குக் கை எட்டாது, தொடை சாப்பாட்டு மேசையில் இடிக்கும். பக்கவாதம் வந்து, ஒரு கையாலும் ஒரு காலாலும் நாற்காலியை ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதனால் அவருக்கு அந்த 38 தரையிலிருந்தே எண்ணப்படும்.

ஏற்கெனவே வாங்கிய நாற்காலி பெரிதாக இருந்தால் பக்கங்களில் கெட்டி ஃபோம் வைத்து இடுப்பை நடுவில் நிறுத்தலாம், முதுகில் 3 செ.மீ. ஃபோம் வைத்து ஆழத்தைக் குறைக்கலாம். ஆனால் முதுகு ஃபோம் ஆளைப் பின்சக்கர அச்சிலிருந்து முன்னால் தள்ளும். முன் சின்னச் சக்கரங்களில் எடை ஏறி, தள்ளுவது கனமாகும்.

அளவு சரியா என்று உட்காரவைத்தபின் பார்த்துவிட வேண்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். தொடை முழுக்கக் குஷனில் படிந்திருக்க வேண்டும். முழங்கால் மேலே தூக்கி நின்றால் பலகையை இறக்குங்கள், பாதம் பலகையில் பதியாமல் தொங்கினால் ஏற்றுங்கள். அப்புறம் அவரிடம் சொல்லிவிட்டு, குஷனுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைத்து, உட்காரும் எலும்பின் கீழே விரல் நுனியை வையுங்கள். நுனியை அரை சென்டிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் அழுத்தம் சரி. அசைக்க முடியவில்லை, ஆனால் சுலபமாக உருவ முடிகிறது என்றால் அது எச்சரிக்கை. விரல் நசுங்கிப் பிடித்துக்கொண்டால் அந்தக் குஷனில் அவரை உட்காரவைக்கக் கூடாது. மறுபக்கமும் இதே சோதனை.

ஃபோம் குஷன் நாளாக நாளாகத் தட்டையாகும். இரண்டு சென்டிமீட்டர் அமுங்கினாலே பலகை அதே இடத்தில் நிற்க, முழங்கால் மேலேறி, தொடை குஷனை விட்டுக் கிளம்பி, எடை மறுபடி எலும்புக்குப் போய்விடும். அதனால் இந்த விரல் சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்துபாருங்கள். விரல் அசைய மறுத்தால் முதலில் குஷனை மாற்றி, பிறகு பலகையின் போல்ட்டைத் தளர்த்திக் குதிகாலிலிருந்து மறுபடி அளந்து முடுக்குங்கள்.