பீலித் தண்ணியில் அலசிய லென்ஸ்

கொழும்பில் வேலை செய்யும் என் பெரியம்மா மகள், தீபாவளிக்கு வீட்டுக்கு வர இரவு பஸ் ஏறினாள். கண்ணில் போட்டிருந்த லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள். விடியற்காலை ஹட்டனில் இறங்கும்போது கண் வறண்டு, லென்ஸ் ஒட்டிப் பிடித்திருந்தது. தோட்டத்துக்கு வந்ததும் பீலியில் கையைக் கழுவி, லென்ஸை எடுத்து அதே தண்ணியில் அலசி, திரும்பவும் போட்டுக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கும் ஊற்றுத் தண்ணி. நாங்கள் எல்லாரும் குடித்து வளர்ந்த தண்ணி. அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதலில் அந்தத் தூக்கத்தைப் பார்ப்போம். கண்ணின் முன்புறம் இருக்கும் தெளிவான விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி தெளிவாக உள்ளே போகாது. அதனால் தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடியதும் இமையின் உட்புறக் குழாய்கள் தருவது மட்டுமே மிஞ்சும். விழித்திருக்கும்போது கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் குறுக்கே லென்ஸ் கிடந்தால் மேற்தோல் செல்கள் வீங்கி, ஒன்றோடொன்று உள்ள பிடி தளர்கிறது. இமை சிமிட்டாததால் லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கி நிற்கும். வழக்கமாகக் கிருமிகளை அடித்துக்கொண்டு போகும் ஓட்டம் அங்கே இல்லை. லென்ஸோடு தூங்குகிறவர்களுக்குக் கண்தொற்று ஆபத்து ஆறு முதல் எட்டு மடங்கு வரை கூடுவது இதனால்தான்.

இப்படி இளகிய தோலின் மேல்தான் பீலித் தண்ணி வந்து சேர்ந்தது. மண்ணிலும் ஊற்றிலும் தொட்டியிலும் குழாயின் உட்சுவர்ப் பாசியிலும் அகந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிர் வாழ்கிறது. பக்றீரியாவைத் தின்று பிழைக்கும். குடித்தால் நமக்கு ஒன்றும் செய்யாது. சூழல் கெட்டால் இரட்டைச் சுவருள்ள ஓர் உறைக்குள் சுருண்டுகொள்ளும். அந்த உறையைக் குழாய்த் தண்ணியில் போடும் அளவு குளோரீன் ஒன்றும் செய்யாது. ஆகவே நகரசபைத் தண்ணி என்பதால் தப்பிவிட முடியாது.

நல்ல தண்ணியில் உப்பு இல்லாததால், மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சி உப்பி, கண்ணை இறுக்கிப் பிடிக்கும். அமீபாவுக்கு அது தங்க இடம் தருகிறது. காயம்பட்ட மேற்தோல் செல்களில் மனோசு என்ற சர்க்கரையைத் தாங்கிய புரதங்கள் கூடுதலாக வெளிப்படும். அமீபா பற்றிப் பிடிப்பது அவற்றைத்தான். பிடித்த பின் செல்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

பத்து நாளில் தங்கச்சிக்குக் கண் சிவந்தது. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. பார்ப்பவர்களுக்குச் சிறு சிவப்புதான். அவளுக்கோ தலையணையில் முகம் புதைத்து அழும் அளவு வலி. கண்ணில் தெரிவதைவிட வலி மிக அதிகமாக இருப்பது இந்த நோயின் முக்கிய அடையாளம், அமீபா விழிவெண்படலத்தின் நரம்புகளைச் சுற்றிப் பரவுவதால். பாமசியில் கொடுத்த சொட்டு மருந்தில் ஸ்டெரொய்ட் இருந்தது. சிவப்பு குறைந்தது, நாங்களும் நிம்மதியானோம். உண்மையில் ஸ்டெரொய்ட் உடலின் எதிர்ப்பை அடக்கி, அடையாளத்தை மறைத்து, அமீபாவுக்கு நேரம் கொடுத்தது. பிறகு ஹேர்பீஸ் வைரஸ் என்று நினைத்து இன்னும் இரண்டு கிழமை போயிற்று. இரண்டும் ஆரம்பத்தில் ஒரே மாதிரித் தெரியும். லென்ஸ் போடுவதையும் தண்ணியில் அலசியதையும் அவளாகச் சொல்லவுமில்லை.

கடைசியில் விழிவெண்படலத்தைச் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். குளோர்ஹெக்சிடின் 0.02 சதவீதச் சொட்டு, முதல் இரண்டு நாள் இரவு பகலாக மணிக்கு ஒரு தடவை. அம்மா அலாரம் வைத்து எழுந்து விட்டார். பிறகு இடைவெளி கூடிக் கூடி, ஏழு மாதம். உறைக்குள் ஒளிந்தவை மீண்டும் விழித்தெழலாம் என்பதால் இடையில் நிறுத்த முடியாது. பார்வை திரும்பியது, ஆனால் நடுவில் ஒரு வெண்தழும்பு. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு அந்தக் கண்ணுக்குச் சிதறித் தெரிகிறது.

லென்ஸ் கரைசலும் இந்த உறைகளுக்கு முழு வைத்தியமல்ல. பல வகைக் கரைசல்கள் பக்றீரியாவைக் கொல்லும் அளவுக்கு உறைகளைக் கொல்வதில்லை. ஆகவே தண்ணியே லென்ஸிடம் வராமல் பார்ப்பதுதான் வழி. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையைச் சுத்தமான துணியால் ஈரமே இல்லாமல் துடைத்த பிறகு லென்ஸைத் தொடுங்கள். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். டப்பாவைக் கரைசலால் கழுவிக் கவிழ்த்து உலர விடுங்கள்; பழைய கரைசலோடு புதியதை ஊற்றி நிரப்பாதீர்கள். இரவுப் பயணத்துக்குக் கண்ணாடி போதும். கரைசல் கையில் இல்லாவிட்டால் லென்ஸைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

தூங்கி எழுந்து லென்ஸ் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். லென்ஸுக்கு ஏற்ற ஈரச் சொட்டு விட்டு, அது தானாக நகரும்வரை சிமிட்டிக்கொண்டிருங்கள். கழற்றிய பிறகும் வலியோ மங்கலோ நீடித்தால் அன்றே கண் டொக்டரிடம் போங்கள். சூடோமோனாஸ் என்ற பக்றீரியா இரண்டே நாளில் விழிவெண்படலத்தைக் கரைத்துவிடக்கூடியது. போகும்போது லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். ஆய்வுகூடத்தில் பக்றீரியா பூசிய ஏகார் தட்டில் அவற்றை வைத்தால், அமீபா இருக்குமானால், தின்றுகொண்டே நகர்ந்த தடம் சில நாளில் நுணுக்குக்காட்டியில் தெரியும்.