வெயில் படத்தில் வேறு படத்துக் கண்: எங்கே மாட்டிக்கொள்கிறோம்

கல்யாண ஆல்பம் வேலையில் அடிக்கடி வரும் கோரிக்கை இது: "அண்ணா, இந்தப் படத்துல அப்பா கண்ணை மூடிட்டாரு. அந்தப் படத்துல நல்லா இருக்காரு. அங்கிருந்து கண்ணை எடுத்து இங்க வெச்சுடுங்க." கேட்பதற்குப் பத்து நிமிட வேலை போலத் தெரியும். இரண்டு படமும் மண்டபத்துக்குள் எடுத்ததென்றால் அப்படித்தான். ஒன்று மண்டபத்திலும் மற்றொன்று வெட்டவெளி வெயிலிலும் எடுத்ததாக இருந்தால், தோல் நிறத்தைச் சரிசெய்வதைவிடக் கண்ணைச் சரிசெய்யத்தான் நேரம் போகும். தோல் கொஞ்சம் பிசகினால் பார்க்கிறவர் மன்னித்துவிடுவார். கண் பிசகினால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், "அப்பா மாதிரி இல்லையே" என்பார்.

ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணம். காலை வெயிலில் கோயிலுக்கு வெளியே தம்பதி மாலையோடு உட்கார்ந்திருக்கும் படம். வெயில் படத்தின் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கிறது. அம்மா சரியாகப் பார்க்கிறார், ஐயா கண்ணை மூடிவிட்டார். கண் திறந்த படம் மண்டபத்துக்குள் ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. தலை திரும்பிய கோணமும் பார்வை போகும் திசையும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது ஒத்துவராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

முதலில் கண்ணின் அளவைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர்களின் கருவிழி ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது, குறுக்கே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இருக்கும். இந்தப் படத்தின் அகலம் 6000 பிக்சல். அதில் அடங்கிய காட்சி சுமார் ஒன்றரை மீட்டர். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல், கருவிழிக்கு 48 பிக்சல். ஆல்பத்தில் பெரிதாகப் போட்டால் இது தெளிவாகத் தெரியும் அளவு. இதே படம் பன்னிரண்டு பேர் நிற்கும் குழுப் படமாக, ஆறு மீட்டர் அகலத்தை அடக்கியிருந்தால் கருவிழி வெறும் 12 பிக்சல்தான். அங்கே கருவிழியின் நார்களைப் பற்றிக் கவலைப்படுவது வீண். நிறமும் வெள்ளையின் அளவும் கண்ணில் வெளிச்சம் மின்னும் ஒளிப்புள்ளியும் சரியாக இருந்தால் போதும். பல பேர் இந்தக் கணக்கைப் போடாமல், நெருக்கத்தில் எடுத்த கண்ணை அப்படியே சுருக்கிக் கூர்மையேற்றிவிடுகிறார்கள். சுற்றிலும் உள்ள இமை மயிர் மங்கலாக இருக்க, கருவிழி மட்டும் ஊசி குத்துவது போலத் தெரியும்.

அடுத்தது பாப்பா, அதாவது கருவிழியின் நடுவிலிருக்கும் கறுப்பு வட்டம். வெயிலில் அது 2 முதல் 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். மங்கலான இடத்தில் 5, 6 வரைகூட விரியும். வயதானவர்களுக்கு அவ்வளவு விரியாது. ஃப்ளாஷ் போட்டாலும் மண்டபத்துப் பாப்பா சுருங்கியிருக்காது என்பதைக் கவனியுங்கள். ஃப்ளாஷ் அடித்து முடிந்த பிறகுதான் கண் சுதாரிக்கும், அதற்குள் படம் பதிவாகிவிடும். ஐயாவின் மண்டபப் படத்தை இந்தப் படத்தின் அளவுக்குச் சுருக்கி வைத்தபோது பாப்பா 18 பிக்சல் இருந்தது. பக்கத்தில் அதே வெயிலில் இருக்கும் அம்மாவின் பாப்பா 10 பிக்சல். அந்த எட்டு பிக்சல் வித்தியாசம்தான் ஐயாவை மிரண்டுபோனவர் போலக் காட்டியது.

இதைச் சுருக்க, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் பழுப்பு நிறத்தைப் பூசுகிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். வெயிலில் பாப்பா சுருங்கும்போது கருவிழியின் நார்கள் உள்நோக்கி இழுபட்டு நீள்கின்றன. போட்டோஷாப்பின் Liquify பகுதியில் உள்ள Pucker Tool செய்வதும் அதேதான். தூரிகையைக் கருவிழியைவிடச் சற்றுச் சிறியதாக வைத்து, நடுவில் மெதுவாக இரண்டு மூன்று முறை அழுத்தினால் பாப்பா சுருங்கும், நார்களும் கூடவே நீளும். கருவிழியின் வெளி விளிம்பு மட்டும் நகரக் கூடாது. நகர்ந்தால் கண் மொத்தமும் சிறுத்து வேறு ஆளாகிவிடுவார்.

நிறத்துக்கு வருவோம். நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு அடர்ந்த பழுப்புக் கண். மண்டபத்தில் அது பாப்பாவோடு சேர்ந்து ஒரே கறுப்பாகத்தான் தெரியும். அதே கண்ணில் வெயில் நேராக விழுந்தால் தேன் நிறம் வரும், பாப்பா தனியாகப் பிரிந்து தெரியும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வராது. கண்ணின் முன்பக்கம் உள்ள வளைந்த கண்ணாடி போன்ற படலம் ஒளியை வளைத்து உள்ளே அனுப்புவதால், வெயில் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கருவிழியின் வலப்பக்கம்தான் அதிகம் ஒளிரும். அம்மாவின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது மேல் மூலையில் ஒளிப்புள்ளி, வலது கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் தேன் நிறம். இரண்டு கண்ணிலும் அதே பக்கம்தான். ஒரு கண்ணைச் சரிசெய்து, அதைத் திருப்பிப் போட்டு அடுத்த கண்ணாக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு பிறையும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும், இரண்டு சூரியன் இருப்பது போல.

ஐயாவுக்கு Curves ஒன்றைக் கருவிழிக்கு மட்டும் வைத்து, வலது கீழ்ப் பாதியில் வெளிச்சத்தை ஏற்றி, சிவப்பைக் கொஞ்சம் கூட்டி நீலத்தைக் கொஞ்சம் குறைத்தேன். எவ்வளவு என்பதற்கு அம்மாவின் கண்தான் அளவுகோல். அவர் கண் சற்று வெளிர் பழுப்பு என்பதால் அவ்வளவு தூரம் போகாமல் முன்பே நிறுத்திக்கொண்டேன். கருவிழியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் இருந்தது. அறுபதை ஒட்டிய வயதில் பலருக்கும் அது வரும். ஸ்டுடியோ பையன்கள் அதை வெட்டு விளிம்பு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அழித்தால் கண் முப்பது வயதுக்குப் போய்விடும், முகம் அறுபதிலேயே நிற்கும்.

இப்போது வெள்ளை. இந்த வேலையில் நடக்கும் பெரும்பாலான சேதம் இங்கேதான். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளை இல்லை. அது ஓர் உருண்டை, அதனால் ஓரங்களை நோக்கி இருளும். புருவ எலும்பும் மேல் இமையும் அதன் மேல் நிழல் போடும். வெயிலில் அந்த நிழலுக்குத் தெளிவான விளிம்பே இருக்கும். நேர் ஃப்ளாஷ் அந்த நிழலை அடித்துத் துரத்திவிடுவதால், மண்டபத்துக் கண்ணின் வெள்ளை தட்டையாகப் பளிச்சென்று இருக்கும். அதை வெயில் படத்தில் ஒட்டினால் உள்ளேயிருந்து பல்பு எரிவது போலத் தெரிகிறது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், Info பலகத்தை HSB முறையில் வைத்து எண்ணைப் படியுங்கள். அம்மாவின் நெற்றியில் வெயில் விழுந்த இடம் பிரகாசத்தில் 82 சதவீதம், அவர் வெள்ளைவிழி 60-ஐ ஒட்டி. ஐயாவின் நெற்றி 78. ஒட்டிய கண்ணின் வெள்ளையோ 89! நெற்றியைவிட வெள்ளைவிழி பிரகாசமாக இருந்தால், இந்த மாதிரி வெயில் படத்தில் அது பொய்தான். அதை 58 அளவுக்கு இறக்கிவிட்டு, Multiply முறையில் ஒரு தனி லேயரில் மேல் இமையின் நிழலை வரைந்தேன். நிழலுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், பக்கத்துத் தோலிலிருந்தே ஒரு இருண்ட நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். கன்னத்திலிருந்தும் பட்டு அங்கவஸ்திரத்திலிருந்தும் எகிறி வரும் வெளிச்சம் வெள்ளையின் கீழ்ப்பகுதியில் லேசான மஞ்சள் சாயலாகத் தெரியும், அதையும் துளி விட்டுவைக்க வேண்டும்.

இன்னொன்று. கறுத்த, மாநிறத் தோல் உள்ள பலருக்கு வெள்ளைவிழியில் இயல்பாகவே லேசான பழுப்புத் திட்டு இருக்கும். வெயிலில் உழைத்தவர்களுக்கு மூக்குப் பக்கம் மஞ்சள் பூத்ததுபோல ஒரு சிறு மேடும் இருக்கலாம். உள்மூலையில் இளஞ்சிவப்புச் சதை, மெல்லிய ரத்த நாளங்கள். இவற்றையெல்லாம் துடைத்து எடுத்தால் பொம்மைக் கண்தான் மிஞ்சும். வாடிக்கையாளர் கேட்டால் நாளங்களின் சிவப்பைப் பாதி குறைத்துத் தருவேன், அவ்வளவுதான்.

ஒளிப்புள்ளி கடைசி. மண்டபப் படத்தில் அது நடுவில் ஒற்றை ஃப்ளாஷ் புள்ளி. வட்ட விளக்கு வைத்து எடுத்ததென்றால் வளையமாக இருக்கும். கோயில் வாசலில் வட்ட விளக்கு எங்கிருந்து வரும்? பழைய புள்ளியை முழுதாக அழித்துவிட்டு, இடது மேலே இரண்டு மூன்று பிக்சலில் சூரியப் புள்ளியை வைத்தேன். கருவிழியின் மேல்பாதியில் வானம் மெலிதான நீலச் சாயலாகப் பிரதிபலிக்கும், அதையும் சேர்த்தேன். வெயிலில் கீழ் இமை தானாக ஏறிக் கருவிழியின் அடியைச் சற்று மறைக்கும். அதனால் கண் திறப்பின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, கீழ் இமையை மட்டும் Warp கொண்டு மேலே தள்ளினேன். பிறகு லேசான Gaussian Blur, அதன் மேல் படத்தின் துகளுக்குப் பொருந்த Add Noise. துகள் இல்லாத கண் மெழுகு மாதிரி மிதக்கும்.

வெளியிலிருந்து வரும் படத்தை நம்பலாமா என்று பார்க்கவும் இதே கணக்குகள்தான் உதவுகின்றன: பக்கத்தில் நிற்பவரின் பாப்பாவோடு ஒப்பிடுவது, இரண்டு கண்ணின் ஒளிப்புள்ளியும் நிழலின் திசையும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது, வெள்ளைவிழியை நெற்றியோடு அளப்பது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் கருவிழி பத்துப் பிக்சல்கூடத் தேறாது. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, மூலக் கோப்பைக் கேளுங்கள். வழக்கு, வரன் பார்ப்பது போன்ற விஷயங்களில் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. பாஸ்போர்ட், விசா படத்துக்குக் கண் மாற்றித் தரச் சொன்னால் எந்த ஸ்டுடியோவும் மறுக்க வேண்டும்.

ஆல்பத்துக்குக் கொடுக்கப்போகிறவர்கள் ஒன்று செய்யலாம். கண் மாற்றக் கேட்பதற்கு முன், அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்த எல்லாப் படங்களையும் போட்டோகிராபரிடம் கேட்டு வாங்குங்கள். நல்லதில்லை என்று அவர் ஒதுக்கி வைத்த படத்தில், தலை சற்றுச் சாய்ந்தோ மாலை கலைந்தோ இருந்தாலும், அதே வெயிலில் திறந்த கண் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். பாப்பாவும் வெள்ளையும் புள்ளியும் அதில் தானாகவே சரியாக இருக்கும், எனக்கும் மேலே சொன்னதில் முக்கால்வாசி வேலை மிச்சம்.